ஒரே பத்தியாக வந்த சமையல் குறிப்பைப் பிரித்து எழுதுவது

சித்தியிடம் புளியோதரைக்குக் குறிப்பு கேட்டால், அவர் வாட்ஸ்அப்பில் ஒரே மூச்சில் தட்டி அனுப்புவார். புள்ளி இருக்காது, கமா இருக்காது, வரியும் பிரிந்திருக்காது. வேறு எங்கிருந்தாவது நகலெடுத்து ஒட்டிய குறிப்பும் சில சமயம் இப்படித்தான் வந்து சேரும். பட்டியலாக இருந்தது வரி உடைந்து ஒரே கட்டியாகிவிடும். அதை அடுப்பு மேடையில் வைத்துப் படித்துக்கொண்டே சமைக்க முடியாது. எண்ணெய் காய்ந்த பிறகுதான் "எள்ளை முன்னாடியே வறுத்து வச்சுக்கோ" என்ற வரி கண்ணில் படும்.

இந்த அத்தியாயத்தில் அப்படிப்பட்ட ஒரு பத்தியை எடுத்து, அளவுகளோடு கூடிய பொருள் பட்டியலாகவும் எண்ணிட்ட செய்முறையாகவும் மாற்றப்போகிறோம். நாம் வேலை செய்யப்போகும் பத்தி இது:

> புளி பெரிய எலுமிச்சை அளவு வரமிளகாய் 12 தனியா 2 ஸ்பூன் கடலைப்பருப்பு 11/2 ஸ்பூன் வெந்தயம் 1/2 ஸ்பூன் எல்லாம் நல்லா வறுத்து பொடிச்சுக்கணும் புளிய வெந்நீர்ல ஊறவச்சு கெட்டியா கரைச்சுக்கோ வாணலில நல்லெண்ணெய் கால் கப் விட்டு கடுகு கடலைப்பருப்பு வேர்க்கடலை ஒரு கைப்பிடி மிளகாய் 4 கிள்ளிப்போட்டு கறிவேப்பிலை பெருங்காயம் தாளிச்சு புளித்தண்ணி மஞ்சள்பொடி உப்பு போட்டு எண்ணெய் பிரியுற வரைக்கும் கொதிக்கட்டும் கடைசில வெல்லம் பொடி போட்டு ஒரு கிளறு கிளறி இறக்கிடு 2 கப் சாதத்த உதிரியா வடிச்சு தட்டுல கொட்டி ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஆறவிட்டு கலந்துக்கோ மேல எள்ளுப்பொடி தூவணும் எள்ளை முன்னாடியே வெறும் வாணலில வறுத்து பொடிச்சு வச்சுக்கோ மிச்சம் காய்ச்சல் இருந்தா பாட்டில்ல போட்டு வைக்கலாம்

தொடங்கும் முன்

பத்தியை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அப்படியே வைத்துவிடுங்கள். எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த வேண்டாம். கைவைப்பது இரண்டாவது பிரதியில் மட்டும். பிரித்தெழுதும்போது நாம் பல இடங்களில் ஊகிக்கிறோம். ஊகம் தப்பாகப் போனால் திரும்பிப் பார்க்க மூலம் வேண்டும்.

இன்னொரு வழக்கத்தையும் இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். பத்தியில் இல்லாமல் நீங்களாகச் சேர்க்கும் எதையும் [ ] என்ற சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது எது சித்தி சொன்னது, எது நீங்கள் போட்டது என்று அந்த அடைப்புதான் சொல்லும்.

முதல் வேலை: எண்களைப் பொருளோடு சேர்ப்பது

1. பத்தியைக் கடைசிவரை ஒருமுறை படியுங்கள். எதையும் எழுத வேண்டாம்.
2. பொருள் பெயர் ஒவ்வொன்றின் கீழும் கோடு போடுங்கள். ஒரே பொருள் இரண்டு முறை வந்தால் இரண்டு இடத்திலும் போடுங்கள்.
3. அளவு ஒவ்வொன்றையும் வட்டமிடுங்கள். "கைப்பிடி", "எலுமிச்சை அளவு" போன்றவையும் அளவுதான்.
4. ஒவ்வொரு வட்டத்தையும் அதற்குரிய பொருளோடு அம்புக்குறியால் இணையுங்கள்.

நான்காவது படியில்தான் பெரும்பாலான பிழைகள் நடக்கின்றன. வரி உடைந்த பத்தியில், ஓர் எண் தனக்கு முன்னால் உள்ள பொருளுக்கா, பின்னால் உள்ள பொருளுக்கா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது. "வேர்க்கடலை ஒரு கைப்பிடி மிளகாய் 4" என்பதை அவசரத்தில் படித்தால் ஒரு கைப்பிடி மிளகாய் என்று ஆகிவிடும். "12 தனியா", "2 ஸ்பூன் கடலைப்பருப்பு" என்று ஒரு படி நகர்த்திப் படித்துவிட்டால், அந்த வரிசை முழுக்க ஒவ்வொரு பொருளும் முந்தைய பொருளின் அளவைத் தூக்கிக்கொள்ளும்.

இதற்கு எளிய சோதனை, வரிசையின் இரண்டு முனைகளைப் பார்ப்பது. நம் பத்தி "புளி" என்ற பொருளில் தொடங்குகிறது. முதல் வரிசை "1/2 ஸ்பூன்" என்ற அளவில் முடிகிறது. ஆகவே இவர் பொருளை முதலில் சொல்லி அளவைப் பிறகு சொல்கிறவர். அதே பழக்கம் தாளிக்கும் இடத்திலும் தொடரும். கைப்பிடி வேர்க்கடலைக்கு, 4 மிளகாய்க்கு. ஆனால் "ஒரு ஸ்பூன் எண்ணெய்", "2 கப் சாதம்" என்று பேச்சுவாக்கில் வரும் இடங்களில் அளவு முன்னால் நிற்கிறது. எனவே இந்தச் சோதனையை வரிசையாக அடுக்கிய இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பின்னம். "11/2 ஸ்பூன் கடலைப்பருப்பு" என்பது பதினொன்றைப் பாதியாக்கிய ஐந்தரை ஸ்பூன் இல்லை. 1 1/2 என்று எழுதியதில் நடுவிலிருந்த இடைவெளி போய்விட்டது. நகலெடுத்து ஒட்டும்போது அடிக்கடி நடப்பது இது. "21/4", "31/2" என்று எங்கே பார்த்தாலும் முதல் இலக்கத்தைத் தனியே பிரித்துப் படியுங்கள். கேக், பிஸ்கட் குறிப்புகளில் இதன் உறவுக்காரப் பிழை ஒன்று உண்டு: 180 டிகிரிக்கான சின்ன வட்டம் பூஜ்யமாக மாறி `1800C` என்று வந்து நிற்கும். வீட்டு அவன் பொதுவாக 250 டிகிரியைத் தாண்டாது என்பதை நினைவில் வைத்தால் உடனே பிடித்துவிடலாம்.

குறிப்பு: ஒட்டிய பத்தியில் வெந்தயம், உப்பு, பெருங்காயம், சமையல் சோடா ஆகிய நான்கின் பக்கத்தில் வரும் எண்ணைச் சரிபாருங்கள். இவை கொஞ்சம் கூடினாலும் சமையலைக் கெடுப்பவை. அம்பு தப்பாகப் போட்டிருந்தால் இவற்றில்தான் முதலில் தெரியும். வெந்தயத்துக்கு ஒன்றரை ஸ்பூன் என்று வந்தால், பருப்பின் அளவு நகர்ந்து வந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது வேலை: கணக்கு நேர் செய்வது

இப்போது ஒரு தாளை இரண்டாக மடித்து, இடது பக்கம் பொருள்களையும் வலது பக்கம் அவை வேலைக்கு வரும் இடங்களையும் எழுதுங்கள். இடப்பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கத்தில் ஓர் இடம் இருக்க வேண்டும். வலப்பக்கத்தில் வரும் ஒவ்வொன்றும் இடப்பக்கத்தில் இருக்க வேண்டும். செய்முறைக்குள்ளே தயாராகும் பொருள்களையும், அதாவது வறுத்த பொடி, புளிக்கரைசல், எள்ளுப்பொடி மூன்றையும், இடப்பக்கத்தில் சேருங்கள். அவற்றைச் சேர்க்காவிட்டால் இந்தக் கணக்கால் பயனில்லை.

நம் பத்தியில் இதைச் செய்தால் ஒன்று உடனே புலப்படும். மிளகாய், தனியா, கடலைப்பருப்பு, வெந்தயம் எல்லாம் வறுத்துப் பொடித்தாயிற்று. அந்தப் பொடியை எங்கே போடுவது? பத்தி முழுக்கத் தேடினால் "வெல்லம் பொடி போட்டு" என்ற இடம் மட்டுமே இருக்கிறது. கமா இல்லாததால் அது வெல்லத்தைப் பொடித்துப் போடச் சொல்வதுபோல் படிக்கிறது. அப்படி எடுத்துக்கொண்டு சமைத்தால் வறுத்த பொடி கிண்ணத்திலேயே தங்கிவிடும், புளியோதரையில் காரமும் மணமும் இருக்காது. பொடிக்கு வேறு இடமே இல்லை என்பதால் அங்கே கமா விழுந்தாக வேண்டும்: வெல்லம், பொடி. இரண்டு பொருள்கள்.

இதேபோல் "எல்லாம் நல்லா வறுத்து" என்பதில் புளியும் அடங்குமா? வரிசையின் தலையில் புளிதான் நிற்கிறது. ஆனால் அடுத்த வாக்கியத்திலேயே அது வெந்நீருக்குப் போகிறது. எனவே "எல்லாம்" என்பது மிளகாயிலிருந்து தொடங்குகிறது.

இந்தக் கணக்கில் அளவே இல்லாத பொருள்களும் வெளியே வரும்: கடுகு, தாளிக்கும் கடலைப்பருப்பு, கறிவேப்பிலை, பெருங்காயம், மஞ்சள்பொடி, உப்பு, வெல்லம், எள், புளி ஊறவைக்கும் நீர். கடுகுக்கும் கறிவேப்பிலைக்கும் நீங்களே ஓர் அளவை அடைப்புக்குள் போட்டுவிடலாம். கொஞ்சம் முன்பின் ஆனால் கெடுதல் இல்லை. உப்பையும் வெல்லத்தையும் அப்படி விட முடியாது. அவற்றைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்.

மூன்றாவது வேலை: கேட்பது

எழுதியவர் கூப்பிடு தூரத்தில் இருந்தால் ஊகிக்காதீர்கள், கேளுங்கள். ஆனால் "உப்பு எவ்வளவு?" என்று கேட்டால் "தேவையான அளவு" என்றுதான் பதில் வரும். கை பழகியவருக்கு அதுதான் உண்மையான பதில். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேட்டால் தெளிவாகச் சொல்வார்.

"சித்தி, 2 கப்னு போட்டிருக்கீங்களே, அரிசியா, வடிச்ச சாதமா?"

"அரிசிதான்டி. வடிச்ச சாதத்த யாரு அளந்து பாத்தா?"

"மிளகாய் 12ன்னும் இருக்கு, 4ன்னும் இருக்கு. அந்த 12க்குள்ளதானே இந்த நாலு?"

"ஆமா, எட்டைப் பொடிக்கு வச்சுட்டு நாலைத் தாளிக்க எடுத்துக்கோ."

அரிசிக் கேள்வி மிக முக்கியம். ஒரு கப் அரிசி வடித்தால் ஏறக்குறைய மூன்று கப் சாதமாகும். ஆகவே இரண்டு கப் என்பதைத் தப்பாக எடுத்துக்கொண்டால், காய்ச்சல் மூன்று மடங்கு அதிகமாகிப்போகும் அல்லது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துபோகும். பத்தியிலேயே "வடிச்சு" என்ற சொல் அரிசிப் பக்கம் சாய்கிறது; "மிச்சம் காய்ச்சல் இருந்தா" என்பது சாதத்தின் பக்கம் சாய்கிறது. தடயங்கள் இரு பக்கமும் இழுக்கும்போது கேட்பதைத் தவிர வழியில்லை.

"ஸ்பூன்" என்பதும் கேட்க வேண்டியது. டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி.; மூன்று மடங்கு வித்தியாசம். இவர் சொல்வது அஞ்சறைப்பெட்டிக்குள் கிடக்கும் ஸ்பூனாக இருக்கலாம். அந்த ஸ்பூனில் தண்ணீர் மொண்டு, இருமல் மருந்து பாட்டிலோடு வரும் கோடு போட்ட மூடியில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 5 என்ற கோட்டுக்கு வந்தால் டீஸ்பூன். கப்புக்கும் இப்படியே. கடையில் விற்கும் அளவுக் கப் பெரும்பாலும் 240 மி.லி.; எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மி.லி. அளவே. எந்தக் கப் என்று எழுதாத குறிப்பு பாதிக் குறிப்பு.

கேட்க ஆள் இல்லாதபோது, எலுமிச்சை அளவுப் புளியைச் சுமார் 30 கிராம் என்றும், பெரிய எலுமிச்சை என்றால் 40 கிராம் என்றும், நெல்லிக்காய் அளவைச் சுமார் 15 கிராம் என்றும் எடுத்துத் தொடங்கலாம். கொட்டை, நார் நீக்கிய புளியா என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். பழைய புளி கறுத்து அதிகம் புளிக்கும், புதுப்புளி லேசாக இருக்கும். அதனால் கிராம் கணக்கு எழுதினாலும் முதல் முறை நாக்கில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது வேலை: படிகளாக உடைப்பது

படி என்பது நடுவில் கையை நிறுத்திக்கொள்ளக்கூடிய இடம்வரை நீள வேண்டும். வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு படி போட்டால் முப்பது படி வரும், எதையும் கண்டுபிடிக்க முடியாது. தாளிப்பு முழுவதும் ஒரே ஓட்டம். கடுகு வெடித்தபின் நின்று யோசிக்க நேரமில்லை. அதை உடைக்காமல் ஒரே படியாக வையுங்கள். புளி ஊறுவது தனிப் படி. அது ஊறும் நேரத்தில் வேறு வேலை பார்க்கலாம்.

அதன்பின் வரிசையைச் சரிசெய்யுங்கள். "முன்னாடியே", "அதுக்குள்ள", "ஏற்கனவே" போன்ற சொற்களைப் பத்தியில் தேடிப் பிடியுங்கள். அவை இருக்கும் வரி தன் இடத்தில் இல்லை என்று பொருள். நம் பத்தியில் எள் வறுப்பது கடைசியில் கிடக்கிறது. அதை முன்னுக்குக் கொண்டுபோக வேண்டும். சாதம் வடிப்பதும் காய்ச்சல் கொதிக்கும்போதே நடந்தால்தான் இரண்டும் ஒரே நேரத்தில் ஆறும்.

"எல்லாம் நல்லா வறுத்து" என்ற இரண்டு மூன்று சொற்களுக்குள் ஒரு வரிசை ஒளிந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் கடலைப்பருப்பு சிவப்பதற்குள் வெந்தயம் கருகிக் கசந்துவிடும். இதைப் பிரித்து எழுதுவது உங்கள் சேர்க்கை, ஆகவே அடைப்புக்குள் போகும்.

ஒரு படியின் முடிவு எப்போது என்பதைப் பத்தி எப்படிச் சொல்கிறதோ அப்படியே காப்பாற்றுங்கள். "எண்ணெய் பிரியுற வரைக்கும்" என்பதை எடுத்துவிட்டு "15 நிமிடம்" என்று எழுதுவது பரவலான தவறு. உங்கள் அடுப்பு வேறு, வாணலியின் அகலம் வேறு, நீங்கள் ஊற்றிய தண்ணீரும் வேறு. நிமிடத்தைப் பக்கத்தில் துணைக்கு எழுதலாம், அடையாளம்தான் தலைமை. புளிக்காய்ச்சலில் அந்த அடையாளம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்: ஆரம்பத்தில் தண்ணீர்போல் சலசலக்கும், பிறகு குமிழி கனத்து மெதுவாக உடையும், கடைசியில் கரண்டியால் ஒதுக்கினால் ஓரத்தில் எண்ணெய் தனியாகக் கசிந்து நிற்கும்.

பாதுகாப்பு வரிகள்

பத்தியில் வராத இரண்டு மூன்று எச்சரிக்கைகளை அந்தந்தப் படிக்குள்ளேயே எழுதுங்கள். குறிப்பின் அடியில் தனியாகப் போட்டால் அடுப்பருகில் நிற்பவர் பார்க்கமாட்டார்.

* தாளித்த எண்ணெயில் புளிக்கரைசல் ஊற்றும்போது பொங்கித் தெறிக்கும். தீயைக் குறைத்தபின் ஊற்றச் சொல்லுங்கள்.
* ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் புளியைக் கொதிக்கவிடக் கூடாது. அலுமினியமும் புளிக்கு ஆகாது.
* வேர்க்கடலை, எள் இரண்டும் சிலருக்குக் கடும் ஒவ்வாமை தருபவை. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். பட்டியலின் தலையிலேயே இதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

பிரித்து எழுதியபின்

புளியோதரை [4 அல்லது 5 பேருக்கு]
[வேர்க்கடலை, எள், கடுகு, பெருங்காயம் உள்ளது]
[கப் 240 மி.லி.; ஸ்பூன் எல்லாம் தலைதட்டிய டீஸ்பூன்]

*வறுத்துப் பொடிக்க*
வரமிளகாய் – 8
தனியா – 2 டீஸ்பூன்
கடலைப்பருப்பு – 1½ டீஸ்பூன்
வெந்தயம் – ½ டீஸ்பூன்

*தனியே பொடிக்க*
எள் – [1 டேபிள்ஸ்பூன்]

*காய்ச்சலுக்கு*
புளி – பெரிய எலுமிச்சை அளவு [சுமார் 40 கிராம்]
வெந்நீர் – [1½ கப்]
நல்லெண்ணெய் – ¼ கப்
கடுகு – [1 டீஸ்பூன்]
கடலைப்பருப்பு – [1 டேபிள்ஸ்பூன்]
வேர்க்கடலை – 1 கைப்பிடி
வரமிளகாய் – 4, கிள்ளியது
கறிவேப்பிலை – [2 கொத்து]
பெருங்காயத்தூள் – [½ டீஸ்பூன்]
மஞ்சள்பொடி – [½ டீஸ்பூன்]
தூள் உப்பு – [2 டீஸ்பூனில் தொடங்கவும், சித்தியிடம் கேட்க வேண்டும்]
வெல்லம் – [1 டீஸ்பூன், சித்தியிடம் கேட்க வேண்டும்]

*சாதத்துக்கு*
அரிசி – 2 கப்
நல்லெண்ணெய் – 1 ஸ்பூன்

செய்முறை

1. புளியை வெந்நீரில் ஊறவைக்கவும் [20 நிமிடம்]. கெட்டியாகக் கரைத்து [வடிகட்டி] வைக்கவும்.
2. வெறும் வாணலியில் எள்ளை வறுத்து [படபடவென்று பொரிந்ததும் எடுத்து, ஆறியபின்] பொடிக்கவும்.
3. அதே வாணலியில் [சிறு தீயில் கடலைப்பருப்பு, அது சிவக்கும்போது தனியா, பிறகு மிளகாய், கடைசியில் வெந்தயம் என்று] வறுக்கவும். [ஆறியபின்] பொடிக்கவும்.
4. வாணலியில் ¼ கப் நல்லெண்ணெய் விட்டுக் கடுகு, கடலைப்பருப்பு, வேர்க்கடலை, மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளிக்கவும். [கடுகு தெறிக்கும், தள்ளி நிற்கவும்.]
5. [தீயைக் குறைத்து] புளிக்கரைசல், மஞ்சள்பொடி, உப்பு சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடவும் [சுமார் 15–20 நிமிடம்]. இந்நேரத்தில் சாதத்தை உதிரியாக வடித்துத் தட்டில் கொட்டி, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு ஆறவிடவும்.
6. காய்ச்சலில் வெல்லமும் 3ஆம் படியில் அரைத்த பொடியும் போட்டு, ஒரு கிளறு கிளறி இறக்கவும்.
7. ஆறிய சாதத்தில் காய்ச்சலை [கொஞ்சம் கொஞ்சமாக, ருசி பார்த்து] கலந்து, மேலே எள்ளுப்பொடி தூவவும்.

கடலைப்பருப்பு, மிளகாய், நல்லெண்ணெய் மூன்றும் பட்டியலில் இரண்டிரண்டு இடத்தில் வருவதைக் கவனியுங்கள். "மிளகாய் – 12" என்று ஒரே வரியாகக் கூட்டி எழுதினால் பன்னிரண்டும் மிக்ஸிக்குள் போய்விடும். பல இடத்தில் சேரும் பொருளை எந்த இடத்தில் சேர்கிறதோ அந்தத் தலைப்பின் கீழ் தனித்தனியாகவே எழுத வேண்டும். கடைக்குப் போகும் பட்டியல் வேண்டுமென்றால் அதை வேறு தாளில் கூட்டிக்கொள்ளலாம்.

எழுதி முடித்ததும் குறிப்பை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். சமைக்கத் தேவையில்லை, "இந்தப் பொடி எந்தப் பொடி?" என்று அவர் கேட்கும் இடங்கள்தான் நீங்கள் திருத்த வேண்டிய இடங்கள். மேலே 6ஆம் படியில் "3ஆம் படியில் அரைத்த பொடி" என்று எழுதியிருப்பது அதனால்தான். வெறும் "பொடி" என்றால் எள்ளுப்பொடியும் கையருகே இருக்கிறது.

கடைசியாக ஒரு வரி மிச்சம்: "மிச்சம் காய்ச்சல் இருந்தா பாட்டில்ல போட்டு வைக்கலாம்." எத்தனை நாள் என்று பத்தி சொல்லவில்லை. இங்கே "ஒரு மாதம் கெடாது" என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள், அடைப்புக்குள்கூட. காய்ச்சல் எவ்வளவு சுண்டியது, எண்ணெய் மேலே நின்றதா, ஈரக் கரண்டி பட்டதா என்பதைப் பொறுத்து அது மாறும். [முழுக்க ஆறியபின் உலர்ந்த பாட்டிலில், ஃபிரிட்ஜில், ஈரமில்லாத கரண்டி] என்பதுவரை எழுதி, நாள் கணக்கைக் காலியாக விடுங்கள். கலந்து வைத்த சாதத்துக்கு அந்த வரி பொருந்தாது. அதை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். ஊறுகாய், தொக்கு போன்றவற்றைப் பிரித்தெழுதும்போது உப்பு, எண்ணெய், வினிகர் அளவுகளுக்கும் இதே கண்டிப்பு வேண்டும்: அவை ருசிக்கு மட்டுமல்லாமல் கெடாமல் காக்கவும் சேர்ப்பவை, எனவே கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அந்த வரியில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள், அதைச் சமைக்கவும் தொடங்காதீர்கள்.